சுவரும் பாதியான வீடு

பிளாஸ்டிக்கில் உருவங்களை அச்சிட்டுத் தரும் 3டி பிரிண்ட் கடையில் அவளுக்குச் சிவப்புக்கொடி என்று பெயர். யார் எந்த மாடலைக் கொண்டுவந்தாலும் மெஷினுக்கு அனுப்புமுன் அளந்துபார்ப்பாள். மெலிந்த இடமெல்லாம் திரையில் சிவப்பாகும், திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். கட்டில் வாங்கப் போனால் கையோடு டேப்பைக் கொண்டுபோவாள்.

அன்று நாத்தனார் கடைக்கு வந்திருந்தாள். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக டிசைன் தொழில் தொடங்கியவளுக்கு முதல் ஆர்டர்: ஒரு பில்டருக்குக் கையடக்கமான மாதிரி வீடு. நாளை மாலை கொடுத்தாக வேண்டும். பிடித்துப்போனால் அவர்களுடைய மாதிரிகள் எல்லாம் இவளுக்குத்தான்.

"அண்ணி, அப்படியே போட்டுடுங்க. எல்லாம் பார்த்தாச்சு."

சிவப்புக்கொடி சுவர்த்தடிமன் சோதனையை ஓட்டினாள். வீடு முழுக்கச் சிவந்தது.

"சுவர் பாயின்ட் ஆறு மில்லிதான் இருக்கு. நம்ம மெஷினுக்குக் குறைஞ்சது ஒண்ணு புள்ளி ரெண்டு வேணும்."

"ஒண்ணு புள்ளி ரெண்டுதான் வரைஞ்சேன்."

"அப்புறம் சைஸைக் குறைச்சியா?"

நாத்தனார் மெல்லத் தலையாட்டினாள். மாடல் பெரிதாக இருக்கிறதென்று பில்டர் சொன்னதும் மொத்தத்தையும் பாதியாக்கியிருந்தாள். வீட்டோடு சுவரும் பாதியாகிப் போனதைக் கவனிக்கவில்லை.

அடுத்து சாய்வுச் சோதனை. நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் வெளியே நீளும் இடங்களைக் காட்டும் அதில், கூரையின் விளிம்பு நான்கு பக்கமும் சிவந்தது. அந்தரத்தில் பிளாஸ்டிக் நிற்காது. கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். அச்சானபின் அந்த முட்டுகளை உடைத்தெடுத்தால் முகப்புச் சுவரில் தழும்பு விழும்.

"உங்களுக்கு என் மேல என்ன கோபம் அண்ணி? எல்லாத்துலயும் குறை."

முதலாளி எட்டிப்பார்த்தார். "கேட்டபடி போட்டுக் கொடுத்துடும்மா. உடைஞ்சா அவங்க பொறுப்பு."

தலையாட்டிவிட்டால் வேலை முடிந்தது. மாமியார் காதுக்கும் ஒன்றும் போகாது. ஆனால் பில்டரின் மேஜையில் சுவர் பிளந்து நிற்கும் வீடு கண்முன் வந்தது.

"இது பாஸாகல சார்," என்றவள் நாற்காலியை நாத்தனார் பக்கம் நகர்த்தினாள். "உட்காரும்மா. கோபத்தை அப்புறம் வச்சுக்கோ. வெளி அளவு மாறாம சுவரை உள்பக்கமா தடிமனாக்கு."

நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். சுவரைச் சரிசெய்ததும் வீட்டின் சிவப்பு மறைந்தது. கூரை மட்டும் மிச்சம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தானே கேட்டாள்:

"கூரையைத் தனியா வெட்டிட்டா? அடிப்பக்கம் தட்டைதானே, அப்படியே மெஷின் தட்டுல படுக்க வைச்சிடலாம். முட்டே வேண்டாம்."

சிவப்புக்கொடிக்கு அது தோன்றவில்லை. இரண்டு துண்டுகளையும் மறுபடி சோதித்தாள். எங்கும் சிவப்பில்லை. பிரிண்ட் வரிசையில் ஏற்றினாள்.

மறுநாள் மதியம் வந்த நாத்தனார் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வளையவில்லை. கூரையைத் தூக்கி அறைகளைப் பார்த்துவிட்டு மூடினாள்.

"அடுத்த மாடலை நானே சோதிச்சிட்டுக் கொண்டுவரேன். உங்களுக்கு இங்க வேலையே இருக்காது."

"நல்லதாப்போச்சு. அப்ப சும்மா வந்து டீ குடிச்சிட்டுப் போ," என்றாள் அண்ணி, மாதிரி வீட்டை வைக்க ஒரு பெட்டியைத் தேடியபடி.