தெற்குச் சரிவின் ஆணிகள்

பிரெஞ்சுக்காரர் காரைக்காலை விட்டுப் போவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, கன்னியாஸ்திரீகள் நடத்திய பிரசவ விடுதிக்குத் தார் ஓடு போடும் வேலை எனக்கு வந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. ஓடு என்றுதான் பெயர், பார்த்தால் தாரில் ஊறிய தடித்த அட்டை. மேலே மணல் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பட்டையின் கீழ்ப்பாதியிலும் இரண்டு வெட்டு, அதனால் மூன்று நாக்கு தொங்கும். பலகை அடித்து, தார்க் காகிதம் விரித்து, அதன்மேல் வரிசை வரிசையாக ஆணியடிக்க வேண்டும்.

நான் தலத்தெருவில் பேர்போன தச்சன். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. கூடவே சைகோனில் இதே வேலை பார்த்துவிட்டு வந்த பாய் ஒருவரையும் அமர்த்தியிருந்தார்கள். என் வயதுதான் அவருக்கும். வடக்குச் சரிவு அவருக்கு, தெற்குச் சரிவு எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

முதல் நாளே தகராறு. அவர் ஓரத்தில் ஒரு வரிசையைத் தலைகீழாக, நாக்கு மேலே பார்க்க அடித்து, இறவாரத்தைத் தாண்டி அரை விரல் நீட்டிவிட்டார். அதன்மேல்தான் முதல் வரிசை. அது இல்லாவிட்டால் வெட்டு வழியே பலகை தெரியும், காற்றும் ஓரத்தில் நுழையும் என்றார். நல்ல சரக்கை இப்படி வீணாக்குகிறாரே என்று எனக்கு எரிச்சல். நான் அதை விட்டுவிட்டேன்.

அடுத்தது ஆணி. நாட்டு ஓட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பாடம்: தண்ணீர் ஓடும் இடத்துக்கு எவ்வளவு மேலே ஆணி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதனால் நான் பட்டையின் மேல்விளிம்பில் நான்கு அடித்தேன். பாயோ வெட்டுக்கு ஒரு விரல் மேலே, கடற்காற்று ஊர் என்று ஆறு அடித்தார். தலை உள்ளே வெட்டாமல், மேலே துருத்தாமல், மட்டமாக. ஒவ்வொரு நாக்குக்கு அடியிலும் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தார் வைத்து அழுத்தினார்.

“மேஸ்திரி, கீழே அடிச்சா கீழ் வரிசையோட தலையையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு பட்டைக்கு ரெண்டு பிடி. ஆணியை மேல் வரிசை மூடிக்கும், ஒழுகாது. நீங்க அடிக்கிறதுல ஒரு பிடிதான் இருக்கு.”

“உங்க பக்கத்தைப் பாருங்க, பாய்,” என்றேன். அவர் தன் சரிவுக்கு ஏறிப் போய்விட்டார்.

மழையில் இரண்டு பக்கமும் ஒழுகவில்லை. எனக்குத் திமிரில் தலைகால் புரியவில்லை. அந்தக் கார்த்திகையில் என் மனைவிக்கு மாதம் நிறைவதற்கு முன்பே வலி கண்டு, அதே விடுதியில் சேர்த்தோம். வடக்கே ஒரு கட்டில், தெற்கே ஒரு கட்டில் காலியாக இருந்தது. தெற்கேதான் போட வேண்டும் என்று நான்தான் விடுதித் தலைவி மதரிடம் கேட்டு வாங்கினேன். “உனக்கு மேலே இருக்கிறது நான் போட்ட கூரை,” என்று மனைவியிடம் பெருமை பேசினேன். பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

மறுநாள் காலையில் புயல். முதலில் வாடைக்காற்று வடக்குச் சரிவைத்தான் அறைந்தது. ஒரு நாக்குகூட எழவில்லை. முற்பகலில் காற்று திரும்பித் தெற்கேயிருந்து அடித்தது. ஓரத்தில் என் முதல் வரிசை படபடவென்று அடித்துக்கொண்டது. அது எழுந்ததும் அடுத்தது, அடுத்தது என்று மேலேறியது. தார்க் காகிதமும் கிழிந்து, பலகை இடுக்கு வழியே மழை கட்டிலின்மேல் கொட்டியது. வடக்கே தூக்கிப் போவதற்குள் துணி, மெத்தை, குழந்தை எல்லாம் நனைந்துவிட்டன. குழந்தைக்குச் சூடேற்ற என்னென்னவோ செய்தார்கள். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

அடக்கம் முடிந்து விடுதி முற்றத்துக்கு வந்தேன். சிதறிக் கிடந்த பட்டைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மேல்விளிம்பில் மட்டும் கிழிந்த நாலு ஓட்டை. பாவி, நான் அடித்த ஆணிதான். பாய் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுங்கள் என்று கெஞ்சினேன். அவர் திட்டவில்லை. என்னோடு சேர்ந்து அந்தப் பட்டைகளைப் பொறுக்கினார். தெற்குச் சரிவை மறுபடி போட்டபோது ஓர வரிசை, ஆறு ஆணி, தார் எல்லாம் அவர் சொன்னபடியே செய்தேன். மனைவியிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி பிரசவத்துக்கு அங்கேயே போனோம். அதற்குள் இரண்டு மழைக்காலம் அந்தக் கூரையைப் பார்த்துவிட்டது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. தெற்கே ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் மதரிடம் சொன்னாள்.

“வடக்குப் பக்கமா போடுங்கம்மா.”

வடக்கே காலிக் கட்டில் இல்லை, இந்தக் கட்டிலைத்தான் அங்கே நகர்த்த வேண்டும் என்றார் மதர். நான் குனிந்து கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.