பாரிட் புந்தாரிலிருந்து ஓர் இடமாற்ற மனு

ரோசரி வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஈப்போவில் அவள் இருந்த கிளையை மூடியபோது ஆளுக்கொரு திசையாகப் பிரித்து அனுப்பினார்கள். அவளுக்குக் கிடைத்தது பாரிட் புந்தார். வாரத்தில் ஐந்து நாள் அங்கே ஒரு வாடகை அறையில் தங்குவாள். வெள்ளி மாலை புறப்பட்டு ஈப்போ புந்தோங்கிலுள்ள வீட்டுக்குப் போவாள். வீட்டில் அம்மாவும் தம்பி மார்கஸும் இருந்தார்கள்.

மார்கஸுக்கு மனநோய். முப்பத்தெட்டு வயது. எதிரில் நின்று கொடுத்தால்தான் மாத்திரையை விழுங்குவான். மாதம் ஒருமுறை தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் ஊசி போட வேண்டும். இதையெல்லாம் அம்மா பார்த்துக்கொண்டார். அலுவலகத்தில் யாராவது கேட்டால், "தம்பி ஃபேக்டரியில வேலை செய்றான்" என்று சொல்லிவிடுவாள் ரோசரி.

பிப்ரவரியில் அம்மா இறந்துபோனார். பக்கத்து வீட்டு முத்தம்மாக்கா காலையும் மாலையும் போய் மாத்திரை கொடுப்பதாகச் சொன்னார். அவருக்கே எழுபது வயது. அந்த வாரமே ரோசரி இடமாற்றம் கேட்டு ஒரு கடிதம் எழுதினாள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஒரே வரி. கிளை நிர்வாகி கலாதேவி அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரோசரி, எல்லாரும் இதையேதான் எழுதுறாங்க. இப்படிப் போனா ஹெச்.ஆர்.ல மேலோட்டமா பாத்துட்டு வச்சிருவாங்க லா. என்ன விஷயம்னு எழுதணும். டாக்டர் லெட்டர் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்புறம் ஏன் சேர்க்கல?"

ரோசரி தம்பியின் நோயைப் பற்றிச் சொன்னாள். கேட்டு முடித்ததும் கலாதேவி, "எழுதுங்க. நான் சப்போர்ட் பண்றேன்" என்றார்.

புதிய கடிதம் ஒரு பக்கம் வந்தது. மனிதவளத் துறைக்கு, கிளை நிர்வாகி மூலமாக. தம்பியின் நோயின் பெயர், ஊசிக்கான தேதிகள், அம்மா இறந்த நாள், தனக்கு மணமாகவில்லை என்பது, தம்பிக்கு வேறு உறவு கிடையாது என்பது. ஈப்போ வட்டாரத்தில் எந்தக் கிளையானாலும், எந்த வேலையானாலும் ஏற்பதாகவும், வந்து சேரும் ஆளுக்கு இரண்டு வாரம் வேலை பழக்கிக் கொடுத்துவிட்டே போவதாகவும் எழுதியிருந்தாள். மருத்துவர் கடிதம், தம்பியின் மாற்றுத்திறனாளி அட்டை, அம்மாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் நகலையும் இணைத்தாள். நகலெடுக்கும்போது பக்கத்தில் நின்ற சக ஊழியப் பெண் அட்டையைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் மார்கஸின் ஃபேக்டரியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் நிலைமையைப் புரிந்துகொள்கிறோம்; ஈப்போ வட்டாரத்தில் தற்போது காலியிடம் இல்லை; மனு கவனத்தில் வைக்கப்படும்.

யூனியனில் கேட்டாள். இடமாற்றம் நிர்வாகத்தின் உரிமை, வற்புறுத்த முடியாது, பரஸ்பர மாற்றத்துக்கு ஆள் கிடைத்தால் ஒத்துக்கொள்வார்கள் என்றார்கள். விசாரித்ததில் ஈப்போவில் சுரேன் என்ற குமாஸ்தா கிடைத்தான். அவன் மனைவி பாரிட் புந்தாரை அடுத்த பாகான் செராயில் ஆசிரியை. அவனே ஆர்வமாக ஒப்புக்கொண்டான். இருவருமாகக் கையெழுத்திட்டு இரண்டாவது மனு அனுப்பினார்கள். ரோசரி மார்கஸிடம், "இன்னும் கொஞ்ச நாள்தான்டா, நான் வந்துருவேன்" என்று சொல்லி வைத்தாள்.

மே மாதக் கடைசியில் சுரேன் கூப்பிட்டான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வைஃபுக்கு ஈப்போவுக்கே மாத்தல் வந்துருச்சு. நான் லெட்டர வாபஸ் வாங்கிட்டேன்."

"தாப்பா, பரவாயில்ல சுரேன். புள்ளைங்களோட ஒண்ணா இருங்க" என்றாள். அவன்மேல் கோபப்பட அவளால் முடியவில்லை.

ஜூனில் முத்தம்மாக்கா மழையில் வழுக்கி விழுந்து படுத்துவிட்டார். ரோசரிக்குத் தகவல் சொல்ல ஆளில்லை; திங்கள் தொடங்கி ஐந்து நாள் மார்கஸ் மாத்திரை போடவில்லை. பேருந்து நிலையத்தில் சட்டையில்லாமல் நின்று கத்திக்கொண்டிருந்தவனைப் போலீஸ்தான் மருத்துவமனையில் சேர்த்தது. தேறி வெளியே வரும் நாளில் வார்டு தாதி, "வீட்ல பாத்துக்க யாரு இருக்காங்க?" என்று கேட்டார். "யாரும் இல்ல" என்றாள் ரோசரி. கம்பார் பக்கத்திலுள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் பாரத்தில் அன்றே கையெழுத்திட்டாள். இல்லத்து வாசலில் மார்கஸ் அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டான். அவள்தான் அவன் விரல்களை விடுவித்தாள்.

ஆகஸ்டில் மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மனுவைப் புதுப்பிக்க விரும்பினால் தற்போதைய நிலைமையைத் தெரிவிக்கவும்.

கலாதேவி அவளைக் கூப்பிட்டார். "தம்பி இல்லத்துல இருக்கான்னு எழுதினா, பாத்துக்க ஆள் இருக்கே, அவசரமில்லன்னு வச்சிருவாங்க ரோசரி."

"பொய் எழுத முடியுமா மேடம்?"

"நான் அப்படிச் சொல்லல."

ரோசரி உண்மையையே எழுதினாள். தம்பி இப்போது பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான், நான் ஈப்போவுக்கு வந்தால் அவனை வீட்டுக்கு அழைத்து வர முடியும், தயவுசெய்து பரிசீலிக்கவும். கலாதேவி அதில் பரிந்துரை எழுதி ஒப்பமிட்டு அனுப்பினார்.

நவம்பரும் வந்துவிட்டது. பதில் இல்லை. சனிக்கிழமைகளில் ரோசரி கம்பாருக்குப் போகிறாள். முதலில், "எப்ப வருவ?" என்று கேட்டுக்கொண்டிருந்த மார்கஸ், இப்போது அதைக் கேட்பதில்லை. அவள் கொண்டுவரும் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து உள்ளே போய்விடுகிறான்.