கடைசி இருபது நிமிடம்

மொழிபெயர்ப்பாளர்களின் குரலையும் இனிமேல் மெஷினில் போட்டு அளக்கப்போகிறார்கள் என்ற பேச்சு முதலில் காபி மெஷின் பக்கத்தில்தான் கிளம்பியது. அதை அவளிடம் வந்து சொன்னவள், கூட மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் ஒரு வாயாடி. வாயாடிக்குச் சொன்னது யாரோ ஒரு கிளார்க், கிளார்க்குக்குச் சொன்னது யாரென்று கேட்கக்கூடாது.

"அக்கா, எதிர்ல இருக்கிறவன் பேச்சு நம்ம பேச்சு மாதிரி மாறுதான்னு பாக்குறாங்களாம். மாறுச்சுன்னா தப்பு நம்ம மேலயாம். லிஸ்ட்லேருந்து பேர அடிச்சிடுவாங்களாம்."

"போடி, ஒனக்கு வேற வேலை இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, கையிலிருந்த காபி ஆறி ஆடை கட்டும்வரை அவள் அதைக் குடிக்கவில்லை.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. அடைக்கலம் கேட்டு வருகிறவர்களுக்கும் விசாரணை அதிகாரிக்கும் நடுவில் உட்கார்ந்து, பதினேழு வருஷமாக வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறாள். பிறந்தது சொந்த நாட்டின் கடலோரத்தில், கரைப்பக்கம். கரைக்காரர்களுக்கு வேகமான பேச்சு. சொல்லின் கடைசி உயிரெழுத்தை அரைவாயில் முழுங்கிவிடுவார்கள். மேட்டுப்பக்கத்தார் அதையே வாய் திறந்து, இழுத்து, நிதானமாகச் சொல்வார்கள். சண்டை நடப்பது மேட்டில். அங்கிருந்து வந்தவன் என்றால் இங்கே தங்கலாம்; கரைக்காரன் என்றால் திருப்பி அனுப்பலாம். இதற்காகவே பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க ஓர் அலுவலகம் இருக்கிறது.

அவளுக்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும். யாரோடு பத்து நிமிஷம் பேசினாலும் அவர்களுடைய இழுப்பும் இறக்கமும் இவள் வாயில் வந்து உட்கார்ந்துவிடும். பஸ் ஓட்டும் கணவர் அதை வைத்தே கேலி செய்வார். "இன்னிக்கு ஒன் தங்கச்சிகிட்ட பேசினியா? குரல் ரெண்டு படி ஏறி நிக்குதே." அதனால் வேலையில் மட்டும் உஷாராக இருப்பாள். விதிப்படி, வருகிறவரின் பேச்சு வழக்கிலோ பொதுவான வழக்கிலோதான் பேச வேண்டும்.

அந்த வாரமே ஒரு வக்கீலம்மாவிடமிருந்து போன் வந்தது. நாலு மாசத்துக்கு முன் அவள் மொழிபெயர்த்த ஒரு லாரி மெக்கானிக்கின் வழக்கு. மேட்டுப்பக்கம்தான் என்று அவன் சொன்னான். பேச்சு கரைப்பக்கத்தது என்று அறிக்கை வந்துவிட்டது. மேல்முறையீடு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. "நீங்க ஒலிக்கூடத்துக்குப் போய் ஒரு பத்து நிமிஷம் வாசிச்சுக் கொடுங்கம்மா. விசாரணைப் பதிவோட ஒப்பிட ஒங்க குரலும் வேணுமாம்."

வாயாடி சொன்னது இதுதானோ?

ஒலிக்கூடம் ஒரு பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில் இருந்தது. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. அங்கே நின்று இருமினால் இருமல் காதுக்கே திரும்பி வராது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், கழுத்தில் ஹெட்போன், மேஜையில் பாதி கடித்த பிஸ்கட். இவள் வாசித்ததைப் பதிவு செய்துவிட்டு, புதன்கிழமை மத்தியானம் வரச் சொன்னாள்.

புதன்கிழமை திரை முழுக்கப் புள்ளிகள். நீலம் மெக்கானிக், சிவப்பு இவள்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு உயிரெழுத்து ஆன்ட்டி. வாய் எவ்வளவு திறக்குது, நாக்கு முன்னாடியா பின்னாடியா, அது ஒலியில தெரியும். ஆம்பள தொண்டை நீளம், ஒங்களது குட்டை. அந்த வித்தியாசத்தக் கழிச்சிட்டுத்தான் போட்டிருக்கேன். இது அன்னிக்கு விசாரணையில மொத பத்து நிமிஷம்."

நீலமும் சிவப்பும் தனித்தனிக் கூட்டமாக நின்றன.

"இது கடைசி இருபது நிமிஷம்."

நீலக் கூட்டம் சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தது. இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது.

"மொதல்ல செகண்டுக்கு நாலு அசை பேசுறாரு. முடிவுல அஞ்சரை. நீங்க ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் சராசரி அஞ்சேமுக்கால். நீங்க நகரவே இல்ல. அவருதான் வந்தாரு."

"நான் நகரலியா? எனக்குத்தானே எல்லாம் ஒட்டிக்கும்?"

"அன்னிக்கு ஒட்டல. தயவு வேணுங்கிறவங்க பெரும்பாலும் எதிர்ல பேசுறவங்க பேச்சுப் பக்கம் சாய்வாங்க. அவங்களுக்கே தெரியாது." பிஸ்கட்டை முடித்தாள். "பேச்ச வச்சு ஊர் கண்டுபிடிக்கிற அந்த ஆபீஸ்ல ஒரு பழக்கம் ஆன்ட்டி. ஆள் பயம் தெளிஞ்சு இயல்பா பேசுவார்னு, கடைசி இருபது நிமிஷத்த மட்டும் வெட்டி எடுத்துக் கேப்பாங்க."

இவள் திரையை நெருங்கிக் குனிந்தாள். "பயம் தெளிஞ்சதும் அவனோட சொந்தப் பேச்சுதான் வெளிய வந்துச்சுன்னு சொல்லுவாங்களே?"

"சொல்லுவாங்க. அதுக்குத்தான் ரெண்டு சோதனை. நீங்க வேகமா பேசினா அவரோட அடுத்த பதிலும் வேகமாவுது, நீங்க இறங்கினா அவரும் இறங்குறாரு. ஒங்க பேச்சையும் அவர் பதிலையும் சீட்டு மாதிரி ஆயிரம் தடவ கலைச்சுப் போட்டுப் பாத்தேன். அந்தப் பொருத்தம் காணாம போயிடுது. அப்பறம் அன்னிக்கு சாயங்காலமே பொண்டாட்டிக்கு அனுப்பின குரல்செய்தி. மறுபடியும் நாலு அசை. அது செல்போன்ல பதிஞ்சது, அதுல உயிரெழுத்த நம்பிச் சொல்ல மாட்டேன். வேகத்த நம்பலாம்."

"அப்ப போதுமே?"

"அவர் யார் பக்கம் சாஞ்சாரோ அவங்க கரைப்பக்கத்துக்காரங்கன்னு யாராவது சொல்லணும்ல? நீங்க கரை வழக்குலதான் பேசினீங்கன்னு கையெழுத்து வேணும்."

காகிதத்தை நீட்டினாள். ஒரே பத்தி. விசாரணை முழுக்க எனது சொந்த வழக்கிலேயே பேசினேன். அதாவது, விதியை மீறினேன்.

அந்த விசாரணை நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. புது அதிகாரி, முறைத்துக்கொண்டே இருந்தார். பயத்தில் பொது வழக்கு எங்கேயோ ஓடிப்போக, பிறந்த வாயே வந்து நின்றது. மெக்கானிக் எண்ணெய்க்கறை போகாத விரல்களைப் பின்னிக்கொண்டு, இவள் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசினான்.

"நாளைக்குக் காலையில சொல்றேம்மா," என்று காகிதத்தைப் பையில் மடித்து வைத்தாள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"போட்டா என்ன ஆகும்?"

"லிஸ்ட்லேருந்து பேரு போயிடும். அந்த வேலைய வச்சுத்தானே நமக்கே இங்க தங்குற அனுமதி?"

"போடலன்னா?"

"அவன அனுப்பிடுவாங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். "நான் என்னத்தச் சொல்ல. நீ போட்டாலும் பயப்படுவ, போடலன்னாலும் பயப்படுவ. எந்தப் பயத்தோட குடித்தனம் பண்ண முடியும்னு நீயே பாத்துக்க."

வியாழக்கிழமை காலை பேனாவை எடுத்தாள், வைத்தாள். பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். ஒன்பதரைக்குக் கையெழுத்துப் போட்டாள். போனில் படமெடுத்து வக்கீலம்மாவுக்கு அனுப்பினாள். பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நீதிமன்றத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

இரண்டாவது பஸ்ஸுக்கான நிறுத்தத்தில் நின்று வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. நீதிமன்றத்துக்குள்ளே போகும்போது எல்லோரும் போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். எத்தனை மணிக்கு வாங்குவார்கள்? பத்துக்கா, பத்து நிமிஷம் முன்னாலேயா? பதினேழு வருஷமாக மொழிபெயர்க்கப் போய் அதே வாசலில் போனைக் கொடுத்தவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"எடுங்கம்மா," என்றாள் சத்தமாக. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

மணி அடித்து ஓய்ந்தது. அவள் மறுபடியும் அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது.