லேமினேஷன் போட்ட கல்யாணச் சான்றிதழ்

காந்திபுரத்தில், வெளிநாட்டுக்குப் போகும் சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்கித் தரும் ஏஜென்ட்டின் மேசைக்கு முன்னால் அன்று நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்: அப்பா, அக்கா, நான். மச்சான் இல்லை. அவர் ஸ்பெயினில் ஒரு துணி இறக்குமதிக் கம்பெனியில் வேலையில் இருந்தார். அம்மாவும் வரவில்லை. சோமனூரில் தறியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் தாண்டியும் அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். "இன்னும் போகலீங்களா அம்மணி?" என்று கேட்காதவர்கள் எங்கள் வீதியில் கிடையாது. மனைவியை அழைத்துக்கொள்ள மச்சான் அங்குள்ள குடியேற்ற அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு தேதி வாங்கி வைத்திருந்தார். அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. மனுவோடு திருமணச் சான்றிதழும் அதன் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும் போக வேண்டும்.

அப்பா மஞ்சள் பையிலிருந்து சான்றிதழை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஏஜென்ட் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். பிளாஸ்டிக் பளபளத்தது.

"ஏனுங்க, இதுக்கு லேமினேஷன் போட்டுட்டீங்களே."

"மழையில நனைஞ்சுபோகக் கூடாதுன்னுதானுங்க," என்றார் அப்பா.

"ஊட்டுல வேற எதுக்கெல்லாம் போட்டிருக்கீங்க?"

"எல்லாத்துக்குமுங்க. பையனோட டிகிரிக்குக்கூட."

ஏஜென்ட் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் முத்திரை குத்திய காகிதம் எது வந்தாலும் அன்றே ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடும். படிக்கத் தெரியாத அப்பா காகிதத்துக்குக் காட்டிய மரியாதை அது.

"இதோட பின்பக்கம்தான் உள்துறை முத்திரை வைப்பாங்க. அப்புறம் வெளியுறவுத் துறை அப்போஸ்டில்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டும். இது உண்மையான சான்றிதழ்தான்னு வெளிநாட்டுக்காரன் நம்பறதே அதை வெச்சுத்தானுங்க. பிளாஸ்டிக் மேல ஒட்ட மாட்டாங்க."

"மெதுவா உரிச்சுப் பாக்கட்டுமுங்களா?"

"வேண்டாங்கண்ணா. கையெழுத்தும் சேந்து வந்துரும். கல்யாணம் பதிஞ்ச சார்பதிவாளர் ஆபீசுல முத்திரையோட புது நகல் வாங்கியாங்க."

அக்கா துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் திரும்பும்போது மச்சானை அழைத்தேன். சான்றிதழின் படத்தை அனுப்புகிறேன், முத்திரையெல்லாம் வருவதற்குள் மொழிபெயர்ப்பாவது முடியட்டும் என்றேன். நம் கோர்ட் வாசலில் நோட்டரி முத்திரையோடு செய்து தருவது அங்கே செல்லாது. அவர்கள் அரசு நியமித்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். அப்படி ஓர் அம்மாவை மச்சான் பார்த்து வைத்திருந்தார்.

மறுநாள் பதில் வந்தது. "அந்தம்மா முடியாதுன்னு சொல்லிட்டாங்க மாப்ள. காகிதத்துல இருக்கற ஒவ்வொண்ணையும் எழுதணுமாம், முத்திரை, ஸ்டிக்கர் நம்பர், கிறுக்கல் வரைக்கும். இப்பவே எழுதிட்டு அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டுனா, அது வேற காகிதமாயிருமாம்."

"அவங்களுக்கென்ன, அவசரம் நமக்குத்தானே," என்றாள் அக்கா.

சார்பதிவாளர் அலுவலகத்தில் முதல் நாள் சர்வர் இல்லை. அடுத்த முறை கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பு. அப்பா தறியை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் வந்தார், நான் வேண்டாம் என்றாலும். நகல் கைக்கு வந்ததும் அதைத் தொடவே பயந்தார். "நீயே வெச்சுக்க கண்ணு" என்று இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து என்னிடம் கொடுத்தார்.

அது ஏஜென்ட் வழியாகச் சென்னைக்குப் போய், உள்துறை முத்திரையும் அப்போஸ்டில் ஸ்டிக்கரும் வாங்கித் திரும்பியது. முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பினேன். சான்றிதழைக் கூரியரில் மச்சானுக்கு அனுப்பினோம். அந்த அம்மா இரண்டு பக்கத்திலும் இருந்த ஆங்கிலத்தை ஸ்பானிஷில் எழுதினார். தமிழில் மட்டும் இருந்த வட்ட முத்திரைக்கு, 'ஆங்கிலம் அல்லாத மொழியில் ஒரு முத்திரை' என்றே குறித்தார். அவருக்கு ஆங்கிலத்திலிருந்து மட்டுமே உறுதி கொடுக்க அனுமதி. தெரியாததைத் தெரிந்ததாக எழுதவில்லை. சான்றிதழின் பிரதியை இணைத்து, பக்கத்துக்குப் பக்கம் தன் முத்திரை வைத்து, கடைசியில் உறுதிமொழியும் கையெழுத்தும் போட்டார்.

குறித்த தேதியில் மச்சான் போனார். அலுவலர் ஸ்டிக்கரின் எண்ணையும் மொழிபெயர்ப்பில் இருந்த எண்ணையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்தாராம். பிறகு ஒரு கேள்வியும் இல்லாமல் கோப்பில் வைத்துக்கொண்டாராம். மனு ஏற்கப்பட்டு, விசாவும் வந்து, அக்கா புறப்பட்டாள்.

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று அப்பா தறிக்குப் போகவில்லை. "காகிதத்துக்கு மட்டும் மொத்தம் எவ்வளவுடா ஆச்சு?" என்று கேட்டார். நகல், ஏஜென்ட், கூரியர், அந்த அம்மாவின் கூலி எல்லாம் கூட்டிச் சொன்னேன். பதினேழாயிரத்து அறுநூற்று ஐம்பது.

"லேமினேஷனுக்குக் குடுத்த முப்பதையும் சேத்துக்க," என்றார் அப்பா.

பதினேழாயிரத்து அறுநூற்று எண்பது.