பூஜ்யம் எழுதிய விடைத்தாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமராக இருந்தேன். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கம்ப்யூட்டருக்கான அட்டைகளில் துளையிடும் கார்டு பஞ்ச் அறையில் இருந்தவர்களில் இருவரைப் புரோகிராமர் பயிற்சிக்கு எடுக்கலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். தேர்வுத்தாள் தயாரிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். நானும் மகிழ்ச்சியாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

கேள்வி இதுதான். வரிசையாக இருபது எண்கள். அடுத்தடுத்து நிற்கும் எண்களைத் துண்டுகளாக எடுத்தால், எத்தனை துண்டுகளில் மிகப்பெரிய எண் நான்கிலிருந்து ஆறுக்குள் இருக்கும்? வழியையும் நானே தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். ஆறைத் தாண்டிய எண் கடைசியாக வந்த இடம் கெட்ட இடம். நான்கிலிருந்து ஆறுக்குள் உள்ள எண் கடைசியாக வந்த இடம் நல்ல இடம். ஒவ்வொரு எண்ணிலும் நின்று நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்தைக் கழி, கிடைப்பதைக் கூட்டிக்கொண்டே போ. ஒரு துண்டு கெட்ட இடத்துக்குப் பிறகு தொடங்கி நல்ல இடத்தையும் உள்ளே வைத்திருக்க வேண்டும் என்பதால் இந்தக் கழித்தல் போதும் என்று நினைத்தேன். புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன், இருபத்தாறு வந்தது. அதையே விடையாக வைத்துக்கொண்டேன்.

எழுதியவர் ஐந்து பேர். சொன்ன வழியில் அச்சுப் பிசகாமல் போன இருவருக்கு இருபத்தாறு வந்தது. இன்னும் இருவர் கூட்டலில் கோட்டைவிட்டார்கள். ஐந்தாவது ஆள் ஒரு தமிழ்ப் பெண், ஆறு வயது மகளுக்குத் தாய், மாலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தார். சில இடங்களில் கழிக்காமல் பூஜ்யம் போட்டிருந்தார். சொன்னதைச் செய்யத் தெரியாதவர் புரோகிராம் எழுதி என்ன கிழிக்கப்போகிறார் என்று சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன். சரியான விடை எழுதியதாக நான் நினைத்த இருவரும் பயிற்சிக்குப் போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து மேசைமேல் டெர்மினல் வந்தது. விளையாட்டாக அந்தப் பழைய புரோகிராமைத் தட்டி 5, 9, 1 என்று மூன்றே எண்களைக் கொடுத்தேன். திரையில் மைனஸ் ஒன்று என்று வந்தது. எண்ணிக்கை எப்படி மைனஸில் வரும்? காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் இடத்தில் நல்லது ஒன்று, கெட்டது இன்னும் வராததால் பூஜ்யம். விடை ஒன்று. இரண்டாவது இடத்தில் ஒன்பது கெட்ட இடமாகிவிட்டது, நல்ல இடமோ ஒன்றிலேயே நிற்கிறது. ஒன்றில் இரண்டு போனால் மைனஸ் ஒன்று. மூன்றாவது இடத்திலும் அதே கதை. கெட்டது நல்லதை முந்திவிட்டால் அங்கே முடியும் ஒரு துண்டும் தேறாது, பூஜ்யம்தான் போட வேண்டும். நான் ஏற்கெனவே சரியாக எண்ணியதிலிருந்தும் கழித்துக்கொண்டிருந்தேன்.

அலமாரியிலிருந்து அந்தப் பெண்ணின் விடைத்தாளை எடுத்தேன். இருபது வரிகளையும் சரிபார்த்தேன். முப்பத்தொன்று. அவர் பூஜ்யம் போட்ட ஒவ்வொரு இடமும் சரி.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. மதியம் சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் மேனேஜரிடம் என் தவறைச் சொல்லி, அந்தப் பெண்ணையும் பயிற்சிக்கு எடுக்கச் சொன்னேன். "இப்ப இடம் இல்லையே, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் ஃபைலைப் புரட்டப் போய்விட்டார்.

அந்த விடைத்தாளோடு பஞ்ச் அறைக்குப் போனேன். மெஷின்களின் சத்தத்துக்கு இடையே அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்று, "அந்தத் தேர்வில உங்க விடைதாம்மா சரி. நான் வச்ச விடை தப்பு" என்றேன். அவர் மெஷினை நிறுத்தினார்.

"துண்டு துண்டா எண்ணி நாலு தடவ போட்டுப் பார்த்தேன் சார். நாலு தடவையும் முப்பத்தொண்ணுதான் வந்துச்சு. ஆனா அச்சடிச்ச வழி எப்படி சார் தப்பா இருக்கும்? எனக்குத்தான் கணக்கு வரலன்னு நினைச்சுட்டேன்."

"வந்து கேட்டிருக்கலாமே?"

"உங்ககிட்டயா சார்?"

மாலை வகுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். தேர்வு நடந்த மாதமே நின்றுவிட்டாராம். மன்னிப்புக் கேட்டேன். இப்போது இடம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

என் கையிலிருந்த தாளில் சிவப்புக் கோட்டுக்கு மேலே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத் தாள், வெளியே போகக் கூடாதது. அவர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோகலாமா சார்? மக கணக்குல ஏதாவது கேட்டா, அம்மாவுக்குக் கணக்கு வராதுன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன்."