மகளின் வெள்ளைப் பொடி

மூன்று வயது முடிந்தும் என் மகள் ஒரு சொல் பேசவில்லை. கைகால் தளர்ந்திருக்கும், இடையிடையே வலிப்பும் வரும். முருகனை வேண்டாத நாளில்லை. கோயமுத்தூரில் டாக்டரம்மா ரத்தம், மூத்திரம், மூளை ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: கிரியேட்டின் என்ற சத்தை உடம்பே செய்துகொள்ள வேண்டும், பிறவியிலேயே இவளுக்கு அது முடியாது. அதைச் செய்யப் போய்ப் பாதியில் நின்றுபோன பொருள் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. தினமும் எடை போட்டுக் கிரியேட்டின் பொடி, கூடவே இன்னொரு பொடி, பருப்பும் கடலையும் அளந்துதான்.

நான் ஒவ்வொரு வேளையும் மருந்தை வெந்நீரில் கலக்கி, முருகன் படத்துக்கு முன் வைத்து எடுத்துத்தான் புகட்டுவேன்.

துடியலூரில் ஜிம்முக்குப் போகும் என் கொழுந்தனார் சிரிப்பார். "ஏனுங்க அண்ணி, நான் குடிக்கறதும் இதேதானுங்க! பாப்பா பயில்வானாகப் போறா."

"மொதல்ல நீங்க அந்தக் கேஸ் சிலிண்டரத் தூக்கி உள்ள வைங்க தம்பி, பாக்கலாம்."

ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து பொடி வர ஒருநாள் தாமதம். வலிப்பு அதிகமாகிவிடுமோ என்று பயந்தேன். கொழுந்தனார் தன் டப்பாவையே கொண்டுவந்து கொடுத்தார். கலக்கிச் சாமிக்கு முன் வைத்துவிட்டேன். முருகன் பார்த்த பிறகு கெடுதல் வராது என்று நம்பினேன். ஆனால் தண்ணீர் ரோஸ் நிறமானது; பழ வாசனை. நம் பொடி வெள்ளை, வாசனையே கிடையாது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"டப்பால என்னென்ன போட்டிருக்குன்னு படிங்க."

கொழுந்தனார்தான் படித்தார். "கிரியேட்டின், அர்ஜினின்..."

"குடுத்துப் போட்டீங்களா?"

"இல்லீங்க."

"கொட்டிருங்க. அர்ஜினின்ல இருந்துதான் அந்தக் கெட்ட பொருளே உண்டாகுது. அதுக்குத்தான் பருப்பையே கொறைச்சிருக்கோம். ஒரு நாள் விட்டுப்போனாப் பரவாயில்லை, நாளைக்குக் குடுங்க. வலிப்பு வந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

கொழுந்தனார் கேட்டார், "அப்ப நான் குடிக்கறத நிறுத்துனா என்னாகுமுங்க?"

"ஒண்ணுமாகாது. உங்க ஒடம்பு தானாச் செய்யுது. நீங்க மேல கொஞ்சம் சேத்துக்கறீங்க. அவ நிறுத்தினா மூளைக்கே இருக்காது. அவளுக்கு இது ஆயுசுக்கும் மருந்து."

போனை வைத்த பிறகு டம்ளரை அவரே எடுத்துப் போய்க் கொட்டினார். மறுநாள் விடிந்ததும் பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பொடியோடு வந்தார். என்னவென்று பாராமல் கலக்கி வைத்ததற்காக அன்றைக்கு நான் சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். நிறத்தைக் காட்டித் தடுத்ததும் அவன்தான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

வலிப்பு மெல்லக் குறைந்தது. பல மாதம் கழித்து ஒரு காலையில், நறநறவென்றிருக்கும் அந்தத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனேன். மகள் டம்ளரைத் தள்ளிவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்: "வேண்டா."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதபடியே, "கண்ணு, இன்னொருக்கா சொல்லு" என்று கெஞ்சி, அவள் வாய் திறந்த நேரத்தில் மருந்தைப் புகட்டிவிட்டேன்.