எந்தத் துரை என்று நான் சொல்லவில்லை

மறுநாள் சுரங்கத்து டைம் ஆபீஸில் குமாஸ்தா வேலைக்காக வெள்ளைக்காரத் துரையின் முன் நிற்க வேண்டும். சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்த என் அக்காள் புருஷனிடம், "மாமா, நீங்க துரையா இருந்து என்னைக் கேள்வி கேளுங்க" என்றேன். என்ன வேலை, எதைக் கேட்பது, எவ்வளவு கடுமை, ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்குத் தெரிந்தது சுரங்கத்துக்குள் ஏசும் துரை மட்டும்தான். "டேய், வெச்ச வெடி வெடிக்கலன்னா இன்னா பண்ணுவ?" என்று அதட்டினார். "உடனே போய்த் திரும்பப் பத்த வைப்பேன்" என்றேன்.

"ஆளைக் கொல்லவா வந்த? போடா வெளியே!"

வாசலில் நின்ற அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள்.

"யார் வந்தாங்க, யார் வரலைன்னு எழுதுற வேலை மாமா! மெதுவாக் கேட்டுத் தப்பைத் திருத்துங்க."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? படிச்ச திமிரு!" என்று எழுந்தவர், கெஞ்சியும் உட்காரவில்லை.

மறுநாள் துரை அமைதியாகத்தான் கேட்டார். மாமாவின் அதட்டலே காதில் இருக்க, ஏச்சுக்குக் காத்திருந்த நான் பதில்களை உளறினேன். வேலை வேறொருவனுக்குப் போயிற்று.